ராக் இசைக்குழுப் படங்களில் எது நடந்தது, எது புனைந்தது? சரிபார்க்க ஒரு எளிய வழி

ராக் இசைக்குழுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்து முடித்ததும் பலருக்கும் வரும் கேள்வி, இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்பதுதான். வீட்டிலிருந்தே அதைச் சரிபார்க்கலாம். குவீன் குழுவைப் பற்றி 2018-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: படம் எந்தக் காட்சியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாக் காட்சிகளையும் சோதிக்க வேண்டாம். கதை எந்த உச்சத்தை நோக்கிப் போகிறதோ அதைப் பிடித்தால் போதும், ஏனென்றால் பெரிய மாற்றங்கள் அங்கேதான் நடக்கும். இந்தப் படத்தில் அது 1985 ஜூலை 13-இல் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி.

அதற்கு முந்தைய கதையைப் படம் இப்படிச் சொல்கிறது: குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தனியாகப் பாட ஒப்பந்தம் போடுகிறார். குழு உடைகிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் லைவ் எய்டுக்காகச் சேர்கிறார்கள். ஒத்திகையில் தனக்கு எய்ட்ஸ் இருப்பதை ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்கிறார்.

படி 2: பக்கத்தில் தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் படம் சொல்வதையும் வலப்பக்கம் தேதிகளையும் எழுதுங்கள். பேட்டிகளை விட ஆல்பம் வெளியான தேதியையும் கச்சேரிப் பட்டியலையும் நம்பலாம். கச்சேரி நடந்தால் டிக்கெட், போஸ்டர், பத்திரிகை விமர்சனம் என்று ஏதாவது மிஞ்சியிருக்கும்.

வலப்பக்கத்தில் வருவது இது: 1984 பிப்ரவரியில் 'தி வொர்க்ஸ்' ஆல்பம். அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றுப்பயணம் தொடக்கம். 1985 ஜனவரியில் பிரேசிலில் ராக் இன் ரியோ இசை விழா. மே மாதம் ஜப்பானில் பயணம் முடிகிறது. அதாவது வெம்பிளிக்கு இரண்டே மாதம் முன்புவரை நால்வரும் ஒரே மேடையில் இருந்தார்கள். உடையாத குழு மறுபடி சேர வேண்டிய அவசியமே இல்லை. அன்று அவர்கள் அவ்வளவு கச்சிதமாக வாசித்ததற்கு அந்த நீண்ட பயணமும் ஒரு காரணம். படம் அந்த உழைப்பை மறைத்துவிட்டது, எனக்கு அதுதான் வருத்தம்.

படி 3: யாருடைய பங்கு காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள்

தனிப் பாட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது ஃப்ரெடி செய்த துரோகம். தேதிகளைப் பார்த்தால், டிரம்மர் ராஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டுவிட்டார். 1983-இல் கிடார் வாசிக்கும் பிரையன் மே தனி இசைத்தட்டு வெளியிட்டார். ஃப்ரெடியின் தனி ஆல்பம் வந்தது 1985 ஏப்ரலில்தான்.

இப்போது படத்தின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் இசைத் தயாரிப்பில் இருக்கிறார்கள். குழுவின் மேலாளர் ஜிம் பீச் தயாரிப்பாளர்களில் ஒருவர். உயிரோடு இருந்து படத்தில் பங்கெடுத்தவர்கள் பொறுமைசாலிகளாகத் தெரிகிறார்கள், பழி இறந்தவர்மேல் விழுகிறது. ஃப்ரெடியின் உதவியாளர் பால் பிரெண்டர் படத்தின் வில்லன். அவரும் 1991-இல் இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை.

படி 4: மாற்றத்தின் எடையைப் பிரியுங்கள்

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. 1977-இல் வந்த 'வி வில் ராக் யூ' பாட்டை 1980-இல், மீசை வைத்த ஃப்ரெடியோடு உருவாக்குவது போலக் காட்டுகிறார்கள். அது வெறும் சுருக்கம், யாருக்கும் பாதிப்பில்லை. 'பொஹீமியன் ராப்சடி' பாட்டு ரொம்ப நீளம் என்று மறுக்கும் ரே ஃபாஸ்டர் என்ற கம்பெனி அதிகாரி கற்பனைப் பாத்திரம். ஆறு நிமிடப் பாட்டை வெளியிடத் தயக்கம் இருந்தது உண்மைதான் என்பதால் அதையும் மன்னிக்கலாம்.

நோயின் தேதியை மாற்றியது வேறு ரகம். 1987-இல்தான் நோய் உறுதியானது என்று ஃப்ரெடியின் துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியிருக்கிறார். இது கச்சேரித் தேதி போல ஆவணம் இல்லை, கூடவே வாழ்ந்தவரின் சாட்சியம். அதைப் பக்கத்தில் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் படம் இரண்டு வருடம் முன்னே இழுத்ததன் விளைவு தெளிவு: தனிப் பாட்டு, மியூனிக் விருந்துகள், நோய், மன்னிப்பு என்று வரிசையாக வந்து, நோய் ஏதோ தண்டனை போல ஆகிவிடுகிறது. ஒரு மனிதரின் மரணத்தை இப்படிக் கதைக்காக நகர்த்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

படி 5: பாட்டு யாருடையது என்று கேளுங்கள்

அசல் பாடல்களைப் பயன்படுத்த உரிமை வேண்டும். உரிமை பல சமயம் குழுவிடமோ குடும்பத்திடமோ இருக்கும், எனவே அவர்களைச் சங்கடப்படுத்தும் படம் எடுப்பது கஷ்டம். பாடகர் டேவிட் போவியைப் பற்றிய 'ஸ்டார்டஸ்ட்' படத்துக்கு (2020) குடும்பத்தின் ஒப்புதல் இல்லை, அதில் போவி எழுதிய பாடல் ஒன்றுகூட இல்லை. அடுத்து எந்தப் படம் பார்த்தாலும், அசல் குரல்கள் தாராளமாகக் கேட்டால் அனுமதி தந்தது யார் என்று பெயர்ப் பட்டியலில் முதலில் தேடுங்கள். பிறகு அந்த ஆளின் காட்சிகளிலிருந்து தேதி சரிபார்க்கத் தொடங்குங்கள்.