ஊறுகாய்ப் போத்தலுக்குப் பெயர் வைக்கும் முன்: அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் இப்போது வீட்டுச் சமையலை டிக்டாக்கில் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர். தோட்டத்து வீட்டின் பின்கட்டில் ஊறுகாய் போடுகிறார்கள், முறுக்கு பிழிகிறார்கள், மசாலா அரைக்கிறார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் ஆர்டர், அப்புறம் வீடியோ, அப்புறம் ஈப்போ தீபாவளிச் சந்தையில் ஒரு கடை என்று வியாபாரம் வளர்கிறது. பெயர் மட்டும் முதல் நாள் தோன்றியதாகவே இருக்கும். பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு “இது எங்கள் பெயர்” என்று ஒருவர் வந்து நின்றால் ஸ்டிக்கர், கணக்கு, மக்கள் மனதில் பதிந்த பெயர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பெயரை முன்கூட்டியே சோதிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

என் அண்ணி மாங்காய் ஊறுகாய்க்குப் பெயர் தேடியபோது நாங்கள் செய்ததை வைத்தே சொல்கிறேன். அவருக்குப் பிடித்த பெயர் “வாழையடி”.

1. எழுத்துக்கூட்டல் பட்டியல் போடுங்கள்

தமிழ்ப் பெயர் வைக்கும் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். நாம் ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். மலேசியாவில் ழகரத்தை zh என்று எழுதுபவர்களும் உண்டு, l என்று எழுதுபவர்களும் உண்டு. v இருக்க வேண்டிய இடத்தில் w வரும். நெடிலுக்குச் சிலர் aa போடுவார்கள், சிலர் ஒரே a-வோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் நீங்கள் நினைத்த ஒரு கூட்டலை மட்டும் தேடிவிட்டு “யாருமே இல்லை” என்று முடிவு செய்தால், அடுத்த கூட்டலில் ஒருவர் கடையே நடத்திக்கொண்டிருப்பார்.

பெயரைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் எப்படியெல்லாம் எழுதலாம் என்று பாருங்கள். “வா” என்பதற்கு va, vaa, wa. “ழை” என்பதற்கு zhai, lai, lei. “யடி” என்பதற்கு yadi, yady, adi. எல்லாச் சேர்க்கையையும் எழுத வேண்டியதில்லை. நம் ஊரில் ஒருவர் உண்மையிலேயே எழுதக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் நின்றவை இவை:

```
வாழையடி
vazhaiyadi
vaazhaiyadi
valaiyadi
vaalaiyadi
walaiyadi
vazhai adi
```

தமிழ் எழுத்தில் உள்ள வடிவத்தைப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். பலர் பக்கத்தின் பெயரைத் தமிழிலும் பயனர் பெயரை ஆங்கிலத்திலும் வைக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வணிகச் சின்னங்கள், அதாவது டிரேட்மார்க்குகள், ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்க்கும்போது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதோடு காதுக்கு எப்படிக் கேட்கிறது, என்ன பொருள் தருகிறது என்பதையும் பார்ப்பார்கள். எழுத்து மாறினாலும் ஓசை ஒன்றானால் சிக்கல் சிக்கல்தான்.

2. மக்கள் தேடும் இடங்களில் தேடுங்கள்

முதலில் கூகுள். மேற்கோள் குறி போட்டுத் தேடுங்கள்:

```
"vazhaiyadi" OR "valaiyadi" OR "vaalaiyadi"
```

கூகுள் தானாகவே எழுத்தைத் திருத்தி வேறு எதையோ காட்டினால், நீங்கள் தட்டிய சொல்லையே தேடும்படி அழுத்துங்கள். அப்புறம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப், ஷாப்பி ஆகியவற்றின் தேடல் பெட்டிகளில் பட்டியலை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் குறுக்குவழி தேடாதீர்கள். கிடைப்பதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: பெயர், ஊர், என்ன விற்கிறார்கள், கடைசிப் பதிவு எப்போது. இந்த நான்கும் கடைசிப் படியில் தேவைப்படும்.

வாட்ஸ்அப்பில் மட்டும் விற்பவர்கள் எந்தத் தேடலிலும் அகப்பட மாட்டார்கள். அதற்கு வாய்தான் கருவி. சந்தையில் கடை போடுபவர்கள், மளிகைக் கடைக்காரர், கல்யாணச் சமையல் எடுப்பவர்கள் ஆகியோரிடம் “அண்ணே, இந்தப் பேர்ல யாராச்சும் சாமான் விக்கிறாங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

3. பயனர் பெயர்களைச் சோதியுங்கள்

உலாவியில் நேரடியாகத் தட்டிப் பாருங்கள்:

```
instagram.com/vazhaiyadi
tiktok.com/@vazhaiyadi
youtube.com/@vazhaiyadi
facebook.com/vazhaiyadi
```

பக்கம் திறக்கவில்லை என்பதால் பெயர் காலி என்று நினைக்க வேண்டாம். முடக்கப்பட்ட கணக்கும், உரிமையாளர் தற்காலிகமாக நிறுத்திவைத்த கணக்கும் இப்படித்தான் தெரியும். கணக்கு திறக்கும் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அது ஏற்றுக்கொண்டால் காலி. டிக்டாக்கில் பயனர் பெயர் 24 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அதனால் நீளமான பெயரை அங்கே முதலில் சோதியுங்கள்.

4. எஸ்.எஸ்.எம். தேடல், அது எதைச் சொல்லாது என்பதும்

எஸ்.எஸ்.எம். என்பது வியாபாரங்களையும் கம்பெனிகளையும் பதியும் மலேசிய நிறுவன ஆணையம். இந்தப் படியில்தான் நம்மவர்களிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. “எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துவிட்டேன், இனி பெயர் எனக்குச் சொந்தம்” என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. தனிநபர் வியாபாரத்தையும் பங்குதாரர் வியாபாரத்தையும் 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிகிறார்கள். வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும், வியாபாரப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட். நீங்கள் இந்தப் பெயரில் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அது பதிவு, அவ்வளவுதான். பெயரின் மேல் தனியுரிமை தராது. அதே பெயரை வேறொருவர் வேறொரு மாநிலத்தில் பதிந்திருக்கலாம். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனிகளுக்கு விதி வேறு: ஏற்கெனவே இருக்கும் கம்பெனியின் பெயரை அப்படியே இன்னொரு கம்பெனிக்குத் தர மாட்டார்கள்.

அப்படியானால் எஸ்.எஸ்.எம்.மில் ஏன் தேட வேண்டும்? உங்கள் பெயரில் யார் தொழில் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். எஸ்.எஸ்.எம்.மின் இணையச் சேவையில் பெயரைத் தட்டித் தேடலாம். முழு விவரத் தாள் வாங்கத்தான் பணம் கட்ட வேண்டும். வருகிற பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் என்ன விற்கிறார்கள் என்று கூகுளில் பாருங்கள்.

5. வணிகச் சின்னத் தேடல்

பெயரின் மேல் உரிமை தருவது வணிகச் சின்னப் பதிவு. அதைக் கவனிப்பது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம், சட்டம் 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம். தேடல் இலவசம்:

```
myipo.gov.my
branddb.wipo.int
```

முதலாவது கழகத்தின் தளம், மலேசியப் பதிவேட்டின் தேடலுக்கு அங்கிருந்து போகலாம். இரண்டாவது உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தேடல், பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். இரண்டிலும் உங்கள் பட்டியலை ஓட்டுங்கள். முழுப் பெயரோடு நிறுத்தாமல் vazhai, valai, vaalai என்ற துண்டுகளையும் போட்டுப் பாருங்கள். சேர்த்தும் பிரித்தும் எழுதிய பெயர்கள் அப்போதுதான் வெளியே வரும்.

கிடைத்த ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று வகுப்பு. பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. மசாலாத்தூள், முறுக்கு, சாஸ் எல்லாம் 30. உணவகமும் கேட்டரிங்கும் 43. ஊறுகாய் விற்பவர் 29-ஐ மட்டும் பார்த்தால் போதாது, மூன்றையும் பாருங்கள். சமையல் எடுப்பவரும் ஊறுகாய் போடுபவரும் ஒரே வாடிக்கையாளரிடம்தான் போகிறார்கள், மக்கள் இருவரையும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்று நிலை. பதிவானது, பரிசீலனையில் இருப்பது, காலாவதியானது என்று போட்டிருக்கும். பரிசீலனையில் இருப்பதையும் உயிருள்ளதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காலாவதியானதைக் கண்டு அவசரப்பட வேண்டாம், தாமதமாகப் புதுப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இன்று ஒருவர் கொடுத்த விண்ணப்பம் இன்றே தேடலில் தெரியாது என்பதால், சில வாரம் கழித்து இன்னொரு முறை தேடிவிடுவது நல்லது.

6. கிடைத்ததை எடைபோடுவது

“வாழையடி” தேடலில் அண்ணிக்கு வணிகச் சின்னப் பதிவேட்டில் ஒன்றும் வரவில்லை. தமிழ் எழுத்தில் ஒரு விவசாய வீடியோக் கணக்கு வந்தது, அவர் எதையும் விற்கவில்லை. ஆனால் valaiyadi என்ற கூட்டலில் ஜொகூர்ப் பக்கம் ஒரு கல்யாணக் கேட்டரிங் இருந்தது. ஃபேஸ்புக்கில் பல வருஷப் பதிவுகள், கடைசிப் பதிவு அந்த மாதம்தான்.

“பதிவு பண்ணலையே, அப்ப நாம எடுத்துக்கலாம்தானே தம்பி?” என்று அண்ணி கேட்டார். “பதியலைன்னாலும் அவங்களுக்கு உரிமை இருக்கு அண்ணி, அதை விட்டுடலாம்” என்றேன். பதியாவிட்டாலும் ஒரு பெயரில் நீண்ட நாள் தொழில் செய்து நற்பெயர் சம்பாதித்தவர், அந்தப் பெயரை இன்னொருவர் பயன்படுத்தி மக்களைக் குழப்புகிறார் என்று வழக்குப் போடலாம். நாம் பதியப் போனால் எதிர்ப்பும் தெரிவிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இன்னொருவர் பாடுபட்டு வளர்த்த பெயர் அது.

முன்னால் “பாட்டி” அல்லது பின்னால் “ஃபுட்ஸ்” சேர்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மக்கள் மனதில் நிற்பது “வாழையடி” என்ற சொல்தான். சேர்த்த சொல் எல்லோரும் பயன்படுத்தும் சாதாரணச் சொல், அது வித்தியாசம் காட்டாது. ஊரும் தொழிலும் நம்மோடு சம்பந்தமே இல்லாத ஒருவர், உதாரணமாக வேறு நாட்டில் டயர் விற்பவர், அதே பெயரை வைத்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வாடிக்கையாளர் பொதுவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து எடுத்த பெயர் “பாக்குவெட்டி”. ஊறுகாயோடு நேரடியாகச் சம்பந்தமில்லாத பெயர், அதுவே அதன் பலம். “சுவை”, “ருசி”, “காரம்” போன்ற பெயர்கள் பொருளை வர்ணிப்பவை. அவற்றைப் பதிவதும் கடினம், மற்றவர் பயன்படுத்துவதைத் தடுப்பதும் கடினம். paakkuvetti, pakkuvetti, pakuvetti, pakku vetti, pakkuvetty என்று மறுபடி பட்டியல் போட்டு, முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் செய்தோம். உணவுத் தொழிலில் யாரும் அகப்படவில்லை. ஆனால் ஒரு தளத்தில் pakkuvetti என்ற பயனர் பெயரை எதையுமே போடாத வெற்றுக் கணக்கு ஒன்று பிடித்து வைத்திருந்தது. அதனால் எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி pakkuvetti.my என்று எடுத்தோம். ஃபேஸ்புக் மட்டும் நடுவில் வரும் புள்ளியைக் கணக்கில் எடுக்காது, அங்கே pakkuvettimy என்பதும் இதுவும் ஒன்றுதான்.

பயனர் பெயரில் .my வைத்தால் அதைப் பார்ப்பவர்கள் இணைய முகவரி என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். அதனால் அந்த முகவரி காலியா என்று .my பெயர்களை நிர்வகிக்கும் மைநிக்கின் தேடலில் பார்த்து, காலியாக இருந்தால் அன்றே வாங்கிவிடுங்கள். இணையத்தளம் கட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வணிகச் சின்னப் பதிவுக்கு ஒரு வகுப்புக்கு 950 ரிங்கிட், கழகம் முன்பே ஒப்புக்கொண்ட பொருள் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால். பதிவு 10 ஆண்டு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். சின்னத்தில் தமிழ் எழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் கொடுக்க வேண்டும். வீட்டு வியாபாரத்துக்கு முதல் மாதமே இவ்வளவு செலவு என்பது பெரிய தொகைதான். அதுவரை முதல் ஸ்டிக்கர் அச்சடித்த ரசீது, முதல் விற்பனை ரசீது, தேதியோடு கூடிய முதல் சமூக ஊடகப் பதிவு, தேடியபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். யார் முதலில் பயன்படுத்தினார் என்ற கேள்வி வந்தால் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.