நேர் எதிரே எடுத்த படத்தை லோ ஆங்கிளில் வரைவது எப்படி?

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், தலையில் நுங்குப் பெட்டியோடு நிற்கும் ஓர் அம்மாவை நேர் எதிரே நின்று போட்டோ எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவரையே முழங்கால் உயரத்துக்குக் குனிந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் பென்சிலில் வரைய வேண்டும்.

எடிட்டிங் ஆப்பில் படத்தின் மேல்பக்கத்தைக் குறுக்கிவிட்டால் போதாதா? போதாது. தலை சிறுக்கும், ஆனால் தாடையின் அடிப்பக்கம் தெரியாது. போட்டோவில் பதியாததை எந்தக் குறுக்கலும் கொண்டுவராது.

முதலில், போட்டோவில் பாதம் முதல் உச்சந்தலை வரை ஒரு செவ்வகம் போடுங்கள். பிறகு தாளில் 15 செ.மீ. உயரத்துக்கு இன்னொரு கட்டம்: அடி அகலம் 6 செ.மீ., மேல் அகலம் 3.5 செ.மீ. இரண்டு கட்டத்திலும் மூலைக்கு மூலை கோடு இழுங்கள். அந்தக் கோடுகள் வெட்டும் இடம்தான் உடம்பின் பாதி, அதாவது தொடைகள் பிரியும் இடம். தாளில், ஸ்கேலில் அளந்தால் வரும் நடுவை விட அது சற்று மேலே இருக்கும், அதை நம்புங்கள். கீழ்ப்பாதியிலும் அப்படியே செய்தால் முழங்கால் கிடைக்கும், மேல்பாதியில் நெஞ்சு.

அடுத்தது கண்மட்டக் கோடு. நம் கண் அவர் முழங்கால் உயரத்தில் இருப்பதால் கோட்டை அங்கே போடுங்கள். படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. உடம்பைச் சுற்றிவரும் எந்த வளைவும் இந்தக் கோட்டில் நேராகத் தெரியும். அதற்குக் கீழே உள்ள சேலைக்கரை கீழ்நோக்கித் தொய்யும். மேலே போகப் போக இடுப்பு, ஜாக்கெட் கை, கழுத்து என எல்லாமே வில்போல மேல்நோக்கி வளையும். உயரம் கூடக் கூட வளைவும் கூடும். கழுத்துச் சங்கிலி மட்டும் தன் பாரத்தால் தொங்குவதால், முன்பைவிடத் தட்டையானால் போதும்.

முகத்தில் மூக்குத் துவாரம் தெரியும், நெற்றி குறுகும், காதுகள் கண்ணை விடத் தாழ இறங்கும். காதைப் பழைய இடத்திலேயே விட்டால், தலை மட்டும் வேறு போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும்.

பெட்டிதான் சிக்கலான இடம். நம்ம ஊர் ஓலைப்பெட்டிக்கு வாய் வட்டம், அடி பெரும்பாலும் சதுரம். முன்னால் எடுத்த போட்டோவில் அந்தச் சதுரம் சரியாகத் தெரியாது. கீழிருந்து பார்த்தாலோ முதலில் கண்ணில் படுவது அதுதான், நடுவில் சும்மாடு மறைக்கும் இடம் போக. அதனால் வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பின்னல் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

மேலிருந்து பார்ப்பதாக வரைய, கட்டத்தைத் தலைகீழாக்குங்கள்: மேலே அகலம், கீழே குறுகல். கண்மட்டக் கோடு பெட்டிக்கும் மேலே போய்விடும், வளைவெல்லாம் கீழ்நோக்கித் தொய்யும், காது கண்ணை விட ஏறும். பெட்டிக்குள் நுங்கும் தெரியும். ஆனால் ரொம்ப உயரத்துக்குப் போனால் பெட்டியே முகத்தை மறைத்துவிடும். முகம் வேண்டுமென்றால் மாடி ஜன்னல் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.