ஈசிஜியில் உயர்ந்த அலை, எக்கோவில் தடித்த சுவர்: இரண்டையும் ஒன்றாக நினைக்கும் தவறுகள்

ஈசிஜி தாளின் மேல் ஓரத்தில் இயந்திரம் "Voltage criteria for LVH", அதாவது இடது கீழறைத் தடிப்புக்கான மின்னழுத்த விதி பொருந்துகிறது என்று அச்சிட்டால், அது அளந்தது இதயச் சுவரை அல்ல, தோல் வரை வந்து சேர்ந்த மின்னழுத்தத்தை. இதயத்துக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையே கொழுப்பும் நுரையீரல் காற்றும் இருக்கின்றன. அவை குறைந்தால் அலை உயரும், கூடினால் தாழும். இடது கீழறையின் தசை எவ்வளவு தடித்திருக்கிறது என்பது அலையின் உயரத்தைத் தீர்மானிக்கும் பல காரணங்களில் ஒன்று மட்டுமே.

ராமநாதபுரம் கடலோரத்தின் சுகாதார நிலையங்களில் இந்த இடைவெளி தினமும் கண்ணில் படும். சங்கு குளிக்கப் போகும், விசைப்படகில் வலை இழுக்கும் ஒல்லியான இளைஞர்கள் ஒரு பக்கம். பல வருடமாக பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடும், எடை கூடிய நடுத்தர வயதுப் பெண்கள் இன்னொரு பக்கம். முதலாமவருக்கு இயந்திரம் தடிப்பு என்கிறது, இரண்டாமவருக்கு இயல்பு என்கிறது. இரண்டுமே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டம் எண்ணும் முன்பே நடக்கும் தவறு

தாளின் ஓரத்தில் இருக்கும் அளவுத் துடிப்பைப் பார்க்காமல் கட்டம் எண்ணக் கூடாது. ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சில இயந்திரங்கள் மார்பு லீடுகளை மட்டும் தாமாகவே பாதியாகக் குறைத்துவிடும். அப்போது துடிப்பு படிக்கட்டு போல் இரண்டு உயரத்தில் தெரியும், 10/5 என்றும் அச்சாகியிருக்கும். அதைக் கவனிக்காதவர் 40 மி.மீ. கூட்டுத்தொகையை 20 என்று எழுதிவிடுவார்.

அடுத்தது எலக்ட்ரோடு வைக்கும் இடம். V1, V2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாவது இடைவெளிக்கு ஏறிவிடுவது வழக்கம். V5, V6 இரண்டையும் V4 இருக்கும் அதே மட்டத்தில் கிடையாகக் கொண்டுபோக வேண்டும். விலா எலும்பைத் தொடர்ந்து போனால் மேலேறிவிடும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வையால் உறிஞ்சுகுமிழ்கள் வழுக்கும். முதலில் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கொஞ்சம் ஜெல் தடவுங்கள். V3 முதல் V5 வரை ஒரே பட்டையாகத் தடவினால் மூன்றும் ஒன்றுபோல் பதிவாகி, நீங்கள் கூட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

ஒரே விதியை நம்புவது

அதிகம் பயன்படுவது 1949இல் வந்த சோகோலோ–லயன் விதி: V1இன் எஸ் அலையோடு V5 அல்லது V6இன் ஆர் அலையைக் கூட்டி 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் தடிப்பு. இன்னொன்று கார்னெல் விதி: aVLஇன் ஆர் அலையோடு V3இன் எஸ் அலையைக் கூட்ட வேண்டும். ஆணுக்கு 28 மி.மீ.க்கு மேல், பெண்ணுக்கு 20க்கு மேல்.

24 வயது சங்கு குளிப்பவர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உயரம் 168 செ.மீ., எடை 58 கிலோ, பிரஷர் 118/74. V1இன் எஸ் 18, V5இன் ஆர் 24, மொத்தம் 42. சோகோலோ–லயன்படி தடிப்பு. கார்னெல்படி 4 + 14 = 18, அதாவது இயல்பு. டி அலைகள் நிமிர்ந்து நிற்கின்றன, எஸ்டி பகுதி குழிவாக மேலெழுகிறது. எக்கோவில் செப்டம் 0.9, பின்சுவர் 0.9, அறையின் உள்விட்டம் 5.1 செ.மீ. இதிலிருந்து தசை எடை 164 கிராம். உடல் பரப்பான 1.65 சதுர மீட்டரால் வகுத்தால் 99. ஆணுக்கு 115க்கு மேல் போனால்தான் தடிப்பு. இவருக்கு இல்லை.

இந்த வயதில், இந்த உடல்வாகில் வெறும் உயரத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. 35 வயதுக்குக் கீழ் சோகோலோ–லயன் எண்ணை மட்டும் வைத்து "இதயம் வீங்கியிருக்கிறது" என்று சொல்லி ஒருவரின் பிழைப்பை நிறுத்துவது பெரிய அநியாயம். ஆனால் அதே இளைஞருக்கு டி அலை கவிழ்ந்திருந்தால், நெஞ்சில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், அவரை எக்கோ பார்க்காமல் கடலுக்கு அனுப்பக் கூடாது.

"ஈசிஜி எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க"

இந்த இரண்டாவது தவறுதான் அதிகப் பேரைப் பாதிக்கிறது. எக்கோவில் உறுதியான தடிப்பு உள்ளவர்களில் பாதிப்பேரைக்கூட வோல்டேஜ் விதிகள் பிடிப்பதில்லை. அலை உயர்ந்திருந்தால் அது ஒரு தடயம். உயராவிட்டால் அது எதற்கும் சான்றல்ல.

கீழக்கரையில் 58 வயதுப் பெண் ஒருவர் என்று கொள்வோம். உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ, பிரஷர் 168/96. V1இன் எஸ் 10, V5இன் ஆர் 14, மொத்தம் 24. சோகோலோ–லயனுக்கு அருகில்கூட இல்லை, இயந்திரமும் எதுவும் அச்சிடவில்லை. கார்னெலைக் கூட்டினால் aVLஇல் 9, V3இல் 12, மொத்தம் 21. பெண்ணுக்கான 20ஐத் தாண்டிவிட்டது. எடை கூடியவர்களில் இதயம் சற்றே கிடையாகப் படுப்பதால் aVLஇன் ஆர் அலை உயர்கிறது. V5, V6 மேலே கொழுப்பு அலையைத் தணிக்கிறது. அதனால்தான் இவர்களுக்கு கார்னெல் கொஞ்சம் நன்றாக வேலை செய்கிறது. இயந்திரம் சொல்லாவிட்டாலும் கையால் கூட்டிப் பாருங்கள்.

எக்கோவில் செப்டம் 1.3, பின்சுவர் 1.2, உள்விட்டம் 4.4 செ.மீ. தசை எடைக்கான சூத்திரம் இது. IVSd என்பது செப்டம், LVIDd உள்விட்டம், PWd பின்சுவர், அளவுகள் சென்டிமீட்டரில்:

```
LV mass (g) = 0.8 × 1.04 × [(IVSd + LVIDd + PWd)³ − LVIDd³] + 0.6
```

6.9இன் கனம் 328.5, 4.4இன் கனம் 85.2. வித்தியாசத்தை 0.832ஆல் பெருக்கி 0.6 கூட்டினால் 203 கிராம். உடல் பரப்பு 1.81 என்பதால் 112 வருகிறது. பெண்ணுக்கு வரம்பு 95. சந்தேகமில்லாத தடிப்பு. பின்சுவரின் இரு மடங்கை உள்விட்டத்தால் வகுத்தால் 0.55. இது 0.42க்கு மேல் என்பதால் சுவர் உள்நோக்கித் தடித்த வகை, நீண்டநாள் பிரஷரின் வேலை.

முன்பு பார்த்த இளைஞருக்கும் சுவர்களையும் அறையையும் கூட்டினால் அதே 6.9தான் வந்தது. ஆனால் அவரைவிட இவருக்கு அதில் அறையின் பங்கு குறைவு, தசையின் பங்கு அதிகம்.

எக்கோ எண்ணும் வழுக்கும்

சூத்திரத்தில் கன அடுக்கு இருப்பதால் சிறு பிழையும் பெருகும். இதே பெண்ணுக்கு இரண்டு சுவரையும் ஒரு மி.மீ. கூடுதலாக அளந்தால் எடை 203இலிருந்து 228 கிராமுக்குத் தாவிவிடும். கதிர் சாய்ந்து வெட்டினால் சுவர் தடித்துத் தெரியும். வலது அறையின் தசைப்பட்டையைச் செப்டத்தோடு சேர்த்து அளந்தாலும் அப்படியே. வயதானவர்களுக்கு செப்டத்தின் மேல்பகுதி மட்டும் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பின் மேல் அளவுகோல் வைக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் சுவர் 1.3இலிருந்து 1.2 ஆகிவிட்டால், மருந்து வேலை செய்தது என்று கொண்டாடுவதற்கு முன் இந்தப் பிழை எல்லையை நினைத்துப் பாருங்கள்.

எடை மிகுந்தவர்களில் உடல் பரப்பால் வகுப்பது தடிப்பை மறைக்கவும் செய்யும், ஏனென்றால் வகுக்கும் எண்ணே பெரிதாகிவிடுகிறது. அப்போது உயரத்தின் 2.7 அடுக்கால் வகுக்கலாம். மேலே சொன்ன பெண்ணுக்கு அது 66 வருகிறது. பெண்களுக்கான வரம்பு 47.

ஸ்ட்ரெயினை அடைப்பு என்று படிப்பது

ஸ்ட்ரெயின் என்பது தடித்த தசையால் எஸ்டி, டி அலைகளில் வரும் மாற்றம். அது I, aVL, V5, V6 லீடுகளில் தெரியும். எஸ்டி பகுதி சற்றே கீழிறங்கிச் சரியும். டி அலை கடற்கரை மணல் போல மெல்லச் சரிந்து, பிறகு செங்குத்தாக மேலேறும். இந்தச் சமச்சீரின்மைதான் அடையாளம். இரு பக்கமும் ஒரே சரிவில் கூர்மையாகக் கவிழ்ந்த டி அலையும், தட்டையாகக் கிடைமட்டமாகத் தாழ்ந்த எஸ்டியும் ரத்தக்குறைவின் பக்கம் சாய்பவை. உயர்ந்த வோல்டேஜோடு ஸ்ட்ரெயினும் சேர்ந்துவிட்டால் அது வெறும் உயரத்தைவிட மிக வலுவான சாட்சி. எக்கோவில் தடிப்பு இருக்கும் வாய்ப்பும், பிற்காலத்தில் இதயம் பலவீனமாகும் ஆபத்தும் இதில் அதிகம்.

சிக்கல் V1 முதல் V3 வரை. அங்கே எஸ் அலை ஆழமாக இருக்கும்போது எஸ்டி எதிர்ப்பக்கமாக 2, 3 மி.மீ. உயரும். நெஞ்செரிச்சலோடு வந்த பிரஷர் நோயாளிக்கு இதைப் பார்த்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டால், ஏறிய பிரஷரில் மூளையில் ரத்தம் கசியலாம். எஸ்டி உயரத்தை அதே லீடின் எஸ் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். 28 மி.மீ. எஸ் அலைக்கு 3 மி.மீ. உயர்வு பத்தில் ஒரு பங்குதான், அது தடிப்புக்கே உரியது. 12 மி.மீ. எஸ் அலைக்கு அதே 3 மி.மீ. என்றால் கால் பங்கு, அங்கே அடைப்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மறுபக்கத் தவறும் உண்டு: ஸ்ட்ரெயின் உள்ளவருக்கு நெஞ்சுவலி வந்தால் "அது பழசு" என்று ஒதுக்குவது. ஸ்ட்ரெயின் மணிக்கணக்கில் மாறாது, அடைப்பு மாறும். 15 நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள், ட்ரோபோனின் பாருங்கள், பழைய ஈசிஜியைக் கேளுங்கள். பாம்பனிலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ ராமநாதபுரத்துக்கு அனுப்பும்போது இரண்டு தாளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஈசிஜி தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், எனவே நோயாளியிடம் ஒரு நகலும் கொடுத்துவிடுங்கள்.

இடது கட்டுத் தடை, பேஸ்மேக்கர் துடிப்பு, டபிள்யூபிடபிள்யூ இருந்தால் மேலே சொன்ன விதிகள் எதையும் வழக்கம்போலப் பொருத்த முடியாது. டிகாக்சின் சாப்பிடுபவரின் எஸ்டியும் கீழே குழிந்திருக்கும், மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் ஸ்ட்ரெயின் என்று எழுதாதீர்கள்.

இரண்டும் முரண்படும்போது

எக்கோவில் சுவர் 1.5 செ.மீ., ஈசிஜியில் அலைகள் சிறுத்துக் கிடக்கின்றன என்றால் "ஈசிஜி தவறவிட்டது" என்று உடனே முடிவு செய்யக் கூடாது. பருமனோ நுரையீரல் நோயோ இதயத்தைச் சுற்றி நீரோ இல்லை என்றால், தசைக்கு இடையே அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கலாம். அந்தத் தடிப்பு தசையால் வந்ததல்ல, அதனால்தான் மின்னழுத்தம் கூடவில்லை. வயதானவர், கால் வீக்கம், முன்பு ஏறியிருந்த பிரஷர் இப்போது மாத்திரை இல்லாமலே இறங்கிவிட்டது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

எதிர்மாறாக, V4, V5இல் டி அலை 10 மி.மீ.க்கு மேல் ஆழமாகக் கவிழ்ந்திருக்க, எக்கோ அறிக்கை "இயல்பு" என்று வந்தால், இதய நுனியைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நுனியில் மட்டும் தசை தடிக்கும் நோய் வழக்கமான அளவுகளில் சிக்காமல் நழுவும். எக்கோ சீட்டில் வெறுமனே "எக்கோ தேவை" என்று எழுதாமல் உயரம், எடை, அன்றைய பிரஷர், எந்த லீடில் எந்த மாற்றம் என்பதையும் எழுதி அனுப்பினால், பரிசோதிப்பவர் அந்த நுனியைத் தேடிப் பார்ப்பார்.