உருளும் வட்டு: கோண உந்தத்தை எந்தப் புள்ளியைப் பற்றி எழுதுவது?

2 கிலோ நிறையும் 10 செ.மீ. ஆரமும் கொண்ட சீரான வட்டு, சுழலாமல் 3 மீ/வி வேகத்தில் சமதரையில் வழுக்கத் தொடங்கினால், கடைசியில் எந்த வேகத்தில் உருளும் என்பதைக் காண, கோண உந்தத்தைத் தொடுபுள்ளி நகரும் கோட்டிலுள்ள ஒரு நிலையான தரைப்புள்ளியைப் பற்றி எழுதுங்கள். உராய்வு அந்தக் கோட்டின் வழியே செயல்படுவதால் திருப்பு விசை தருவதில்லை. எடையின் திருப்பு விசையைத் தரையின் எதிர்விசை ஈடுசெய்துவிடும். ஆகவே தொடக்கத்தில் mvR ஆக இருந்த 0.6 கிகி மீ²/வி மாறாமல், உருளும்போது mvR + ½mvR, அதாவது (3/2)mvR ஆகிறது; இதிலிருந்து v = 2 மீ/வி.

மையத்தைப் பற்றிய கோண உந்தமோ 0-விலிருந்து 0.2 ஆக உயர்கிறது. அவ்வழியில் போனால் உராய்வையும் நேரத்தையும் இழுத்துவர வேண்டும். ½mvR-ஐ மட்டும் எழுதிவிட்டு mvR-ஐ மறப்பதே இங்கே வழக்கமான பிழை. நிறை ஒருபக்கம் சாய்ந்த வட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.