தனிநபர் கடனுக்கு ஓடிஎஸ் பேசுவது எப்படி, சிபிலில் அது என்னவாகப் பதியும்?

தவணை நின்று ஐந்தாறு மாதம் ஆனதும் ரெக்கவரி ஏஜென்ட் போனில் ஒரு நாள் குரலை மாற்றிப் பேசுவார்: "சார், முழுசா கட்ட வேண்டாம், ஒரு தொகையைச் சொல்லுங்க, செட்டில் பண்ணி முடிச்சுடலாம்." இதுதான் ஓடிஎஸ், அதாவது One Time Settlement. பாக்கியில் ஒரு பகுதியை மொத்தமாகக் கட்டுகிறீர்கள், மீதியை வங்கி விட்டுக்கொடுக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும் பதிவில் முடியாது. முழுதாகக் கட்டிய கடன் அறிக்கையில் "Closed" என்று வரும். இப்படி முடித்தது "Settled" என்று வரும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. அடமானம் இல்லாத தனிநபர் கடனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கடனிலும் நகைக் கடனிலும் வங்கியின் கையில் சொத்து இருப்பதால் பேரத்துக்கு இடம் குறைவு.

படி 1: பாக்கியைப் பிரித்துப் பாருங்கள்

போனில் சொல்லும் தொகையை வைத்துப் பேச ஆரம்பிக்காதீர்கள். வங்கியிடம் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டைக் கேளுங்கள். அதில் அசல், வட்டி, அபராதம், பவுன்ஸ் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் கடன், 16 சதவீத வட்டி, 36 மாதம். தவணை ஏறத்தாழ 10,550 ரூபாய். கடன் வாங்கியவர் 14 தவணை ஒழுங்காகக் கட்டினார், பிறகு வேலை போய்விட்டது. அப்போது மிச்சமிருந்த அசல் சுமார் 2,00,000. எட்டு மாதம் கட்டாமல் இருந்ததில் வட்டி 21,000 ஏறியது. அபராதமும் பவுன்ஸ் கட்டணமும் சேர்ந்து 13,000. ஆக மொத்தம் 2,34,000.

இப்படிப் பிரித்தால்தான் எதில் தள்ளுபடி எளிது என்று தெரியும். அந்த 13,000-ஐ விட்டுக்கொடுக்க வங்கிக்குப் பெரிதாகத் தயக்கம் இருக்காது. வட்டியிலும் ஓரளவு இறங்கும். அசலில் கை வைக்கும்போதுதான் உண்மையான பேரம். இன்னொன்று: 2024 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே போடலாம், அதை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி ஏற்றக்கூடாது. ஸ்டேட்மென்டில் அப்படி ஏறியிருந்தால் அதை முதலில் எழுத்தில் கேளுங்கள். அது சலுகை இல்லை, திருத்தம்.

இதோடு உங்கள் கடன் அறிக்கையையும் எடுத்துவிடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று அதில் பாருங்கள். சில வங்கிகள் பழைய வாராக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அப்படி விற்றிருந்தால் பேச வேண்டியது அந்த நிறுவனத்திடம்தான்.

படி 2: ஓடிஎஸ் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

நாலைந்து மாதத்தில் முழுப் பணத்தையும் புரட்ட முடியும் என்றால் ஓடிஎஸ் பக்கமே போகாதீர்கள். அபராதத்தை மட்டும் தள்ளச் சொல்லுங்கள். அசலையும் ஒப்பந்த வட்டியையும் முழுதாகக் கட்டினால் கணக்கை "Closed" என்று பதிவீர்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டு வருடத்துக்குள் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தாலும் நிதானிக்க வேண்டும். மாறாக, வருமானம் திரும்பும் அறிகுறியே இல்லை, கையில் இருப்பது ஒரே ஒரு தொகைதான் என்றால் ஓடிஎஸ் சரியான முடிவு. எட்டு மாதம் தவணை நின்ற பதிவு ஏற்கெனவே சிபிலில் இருக்கிறது. கட்டாமல் விட்டால் அது "Written-off", அதாவது இனி வராது என்று வங்கி கணக்கில் கழித்த கடன், என்று போய் நிற்கும். புதுக் கடன் தருகிறவரின் கண்ணில் "Settled" என்பதைவிட அது மோசம்.

"இன்னும் நாலு மாசம் கட்டாம விடுங்க, வங்கியே இறங்கி வரும்" என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது, அதன்பிறகு வங்கி இறங்கி வருவதும் உண்மைதான். ஆனால் வேண்டுமென்றே தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அறிக்கையில் இன்னொரு தாமதக் கட்டத்தை நிரப்பிக்கொண்டே போகும். எனக்கு இது லாபமான பேரமாகத் தெரியவில்லை.

படி 3: தொகையை நிர்ணயித்து எழுத்தில் கேளுங்கள்

உங்களால் உறுதியாகக் கட்ட முடிந்த உச்சத் தொகையை முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். நம் கணக்கில் இருப்பவர் சேமிப்பும் உறவினர் உதவியும் சேர்த்து 1,30,000 புரட்ட முடியும். அவர் 1,00,000-இல் ஆரம்பிக்கிறார். ஏஜென்ட் 1,85,000 கேட்கிறார். இந்த இடைவெளி போன் பேச்சில் குறையாது. வங்கியின் கடன் வசூல் பிரிவுக்கும் கிளை மேலாளருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். நாலே வரி போதும்:

"என் கடன் கணக்கில் இன்ன தேதி முதல் வேலை இழப்பால் தவணை கட்ட இயலவில்லை. பணிநீக்கக் கடிதமும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். முழுத் தீர்வாக 1,00,000 ரூபாயை, உங்கள் ஒப்புதல் கடிதம் கிடைத்த 15 நாளில் கட்ட முடியும். ஏற்க இயலாவிட்டால் உங்கள் குறைந்தபட்சத் தொகையை எழுத்தில் தெரிவிக்கவும்."

வங்கி பார்ப்பது இரண்டுதான்: இவரிடம் உண்மையில் பணம் இல்லையா, சொன்ன தொகை சொன்ன நாளில் வருமா. அதனால் கஷ்டத்தைக் காட்டும் காகிதமும் தேதி போட்ட வாக்கும் ஒன்றாகப் போக வேண்டும். மொத்தமாகத் தருகிறேன் என்றால் இறங்குவார்கள், பன்னிரண்டு தவணையில் தருகிறேன் என்றால் இறங்க மாட்டார்கள். ஓடிஎஸ் தொகையைக் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் நேரம் கொடுத்தால் ரிசர்வ் வங்கியின் 2023 விதிமுறைப்படி அதைக் கடன் மறுசீரமைப்பாகக் கருத வேண்டியிருக்கும். வங்கிக்கு அதில் விருப்பம் இருக்காது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருங்கும்போது பேச்சு கொஞ்சம் வேகமாக நகரும்.

மறுத்தால்? ஓடிஎஸ் கடன்காரரின் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில், பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. வற்புறுத்த முடியாது, திரும்பக் கேட்கலாம். லோக் அதாலத் நடக்கும்போது வங்கிகள் அங்கே கணக்குகளைக் கொண்டுவருவதும் வழக்கம். அங்கே முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஏறத்தாழ மூன்று வருடமாகவோ அதற்கு மேலாகவோ எந்தப் பணமும் கட்டாத, எதுவும் எழுதித் தராத பழைய கடனாக இருந்தால், இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வங்கி வழக்குப் போடுவதற்கான காலவரம்பு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தந்தாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் காலவரம்பு புதிதாக எண்ணப்படும்.

பேச்சு நடக்கும்போது காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் ஏஜென்ட் வசூலுக்காக அழைக்கக்கூடாது. அழைத்தால் நேரத்தைக் குறித்து வைத்து அதே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்புங்கள்.

படி 4: கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

நம் ஆள் கடைசியில் 1,30,000-க்கு முடித்தார். 65,000 உடனே, மீதி 65,000 முப்பது நாளில். இப்போது கையில் வர வேண்டியது வங்கியின் லெட்டர்ஹெட்டில், அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் ஒப்புதல் கடிதம். அதில் கடன் கணக்கு எண், மொத்தப் பாக்கி, ஓடிஎஸ் தொகை, கட்ட வேண்டிய தேதிகள் எல்லாம் இருக்க வேண்டும். இதைக் கட்டினால் மீதி உரிமை கோரப்படாது என்ற வரி கட்டாயம் வேண்டும். கணக்கு கடன் பதிவில் எப்படிக் குறிக்கப்படும் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். வழக்கோ செக் பவுன்ஸ் புகாரோ நிலுவையில் இருந்தால் அதைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதச் சொல்லுங்கள்.

"லெட்டர் அப்புறம் வரும், இன்னிக்கு சிஸ்டம் க்ளோஸ் ஆகுது, முதல்ல போடுங்க" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். கடிதம் இல்லாமல் கட்டிய பணம் சாதாரணத் தவணையாக வரவு வைக்கப்படும், ஓடிஎஸ் ஆகாது. ஏஜென்டின் சொந்த யூபிஐ எண்ணுக்கு அனுப்பினால் அதுகூட ஆகாது. பணம் கடன் கணக்குக்கு நேரடியாகப் போக வேண்டும். இரண்டாவது தவணை ஒரு நாள் தவறினாலும் சலுகை ரத்து என்றுதான் பெரும்பாலான கடிதங்களில் இருக்கும், அதனால் தேதிக்கு இரண்டு நாள் முன்பே போட்டுவிடுங்கள்.

கட்டி முடித்ததும் பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்குங்கள். கொடுத்து வைத்திருந்த காசோலைகளைத் திரும்பக் கேளுங்கள், தானாகப் பணம் பிடிக்கும் நாச் அனுமதியையும் ரத்து செய்யுங்கள்.

படி 5: பதிவில் என்ன நிற்கும்

நம் கணக்கில் வங்கி விட்டுக்கொடுத்தது 1,04,000. அதில் அசல் மட்டும் 70,000. அறிக்கையில் அந்தக் கடனுக்கு நேரே "Settled" என்று வரும், செட்டில்மென்ட் தொகையும் தள்ளுபடியான தொகையும் பதிவாகலாம். கீழே மாத வாரியான கட்டங்களில் எத்தனை நாள் தாமதம் என்பது 36 மாதத்துக்குத் தெரியும். ஜாமீன் போட்டவர், கூட்டாகக் கையெழுத்திட்டவர் ஆகியோரின் அறிக்கையிலும் இதே கடன் இருக்கும். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

"ஏழு வருஷத்துல அழிஞ்சுடும்" என்பது பரவலான நம்பிக்கை. விதி சொல்வது வேறு: கடன் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். ஏழாவது வருடம் அழித்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அடுத்து, செட்டில் செய்த அதே நிறுவனம் விவசாயம் அல்லாத கடன்களில் குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக் கடன் தரக்கூடாது. மற்ற வங்கிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மேலாளர் அறிக்கையைப் பார்ப்பார், மறுக்கலாம், அல்லது வட்டியைக் கூட்டலாம்.

இந்த வார்த்தையை மாற்ற முடியுமா? முடியும், பணம் கொடுத்தால். வசதி வந்தபின் அதே வங்கியிடம் போய், தள்ளுபடியான தொகையைக் கட்டுகிறேன், கணக்கை "Closed" என்று மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பேரம் பேசினால் அபராதத்தை விட்டுவிட்டு அசலையும் வட்டியையும் மட்டும் கேட்கும் வங்கிகளும் உண்டு. ஒப்புதல் வந்த பிறகே கட்டுங்கள். மாறினாலும் பழைய தாமதக் கட்டங்கள் அப்படியே இருக்கும். "பத்தாயிரம் கொடுங்க, சிபிலை க்ளீன் பண்ணித் தர்றேன்" என்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். வங்கி தகவல் தராமல் சிபிலால் எதையும் மாற்ற முடியாது.

கட்டி முடித்து இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுங்கள். பாக்கி பூஜ்யம் என்று இருக்க வேண்டும். இன்னும் 1,04,000 பாக்கி என்று காட்டினால் சிபில் தளத்திலேயே இலவசமாகத் திருத்தக் கோரிக்கை போடலாம். கடிதத்தையும் சான்றிதழையும் இணைத்து வங்கிக்கும் அனுப்புங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அதன்பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. வங்கி அசையவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.