நண்பர்கள் இருவர் தொழில் தொடங்குமுன் எழுதிக்கொள்ள ஓர் எளிய கூட்டு ஒப்பந்தம்

"எல்லாம் பாதிப் பாதி" என்று இரு நண்பர்கள் சொன்னால், எதில் பாதி என்று கேட்பது என் வழக்கம். போட்ட பணத்திலா, உழைப்பிலா, இலாபத்திலா, நட்டத்திலா? பெரும்பாலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் ஒப்பந்தக் கடிதம். இரண்டு பக்கம் போதும், சட்ட மொழி வேண்டியதில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம். ஒன்றாம் கூட்டாளி 6,00,000 போடுகிறார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, மாலையில் வந்து கணக்கு மட்டும் பார்ப்பார். இரண்டாம் கூட்டாளியிடம் இருப்பது 2,00,000. ஆனால் அவர் இருந்த வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் உழைக்கப் போகிறார். இலாபம் பாதிப் பாதி என்று பேசியிருக்கிறார்கள், வேறொன்றும் பேசவில்லை.

படி 1: யார், என்ன தொழில், எப்போது முதல்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இருவரின் முழுப் பெயர், முகவரி, தொழிலின் பெயர், என்ன தொழில், தொடங்கும் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். "வியாபாரம்" என்று பொதுவாக விட்டுவிடாமல், என்ன விற்கிறீர்கள் அல்லது என்ன சேவை தருகிறீர்கள் என்று சொல்லுங்கள். நாளை ஒருவர் அதே தொழிலைத் தனியாக நடத்தினால், எது கூட்டுத் தொழில், எது அவருடைய சொந்தத் தொழில் என்று பிரித்துக் காட்டுவது இந்த வரிதான்.

படி 2: முதலை எழுதுங்கள், தேதியோடு

"ஒன்றாம் கூட்டாளி 6,00,000, இரண்டாம் கூட்டாளி 2,00,000 முதலாகப் போடுகிறார்கள். இத்தொகை இன்ன தேதிக்குள் தொழிலின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும்." ஒருவர் பணத்துக்குப் பதில் இயந்திரமோ வண்டியோ கொண்டுவந்தால், அதற்கு இன்றே ஒரு மதிப்புப் போட்டு இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பின்னால் கூடுதல் பணம் தேவைப்பட்டு ஒருவர் மட்டும் கொடுத்தால் அது முதலா, கடனா என்பதையும் எழுதிவிடுங்கள். கடன் என்றே எழுதுவது நல்லது. திருப்பித் தர வேண்டிய தொகை என்பது அப்போது இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

படி 3: இலாபத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கடிதத்தின் உயிர்நாடி இதுதான். போட்ட பணத்துக்கு வட்டி, செய்த வேலைக்குச் சம்பளம், மிஞ்சியது பங்கு. மூன்றையும் ஒரே "பாதிப் பாதி"க்குள் திணிப்பதால்தான் மனக்கசப்பு வருகிறது. பல நாடுகளின் கூட்டாண்மைச் சட்டங்கள், வேறு ஏற்பாடு இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால், இலாபத்தைச் சமமாகவே பிரிக்கும். உழைத்தவருக்குச் சம்பளம் இல்லை, முதலுக்கு வட்டியும் இல்லை.

நம் உதாரணத்தில் முதல் ஆண்டு இலாபம் 3,48,000 என்று வைத்துக்கொள்வோம். எதுவும் எழுதாவிட்டால் ஆளுக்கு 1,74,000. வேலையை விட்டு வந்தவருக்கும் மாலையில் மட்டும் வந்தவருக்கும் ஒரே தொகை.

இப்போது எழுதிப் பார்ப்போம். முதலுக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, இரண்டாம் கூட்டாளிக்கு மாதம் 15,000 சம்பளம், மிச்சம் சமபங்கு. சம்பளம் ஆண்டுக்கு 1,80,000 ஆகிறது. வட்டி ஒருவருக்கு 36,000, மற்றவருக்கு 12,000. இவை போக மிஞ்சுவது 1,20,000, அதில் ஆளுக்கு 60,000. கூட்டிப் பார்த்தால் ஒன்றாமவருக்கு 96,000, இரண்டாமவருக்கு 2,52,000. பங்கு இப்போதும் பாதிப் பாதிதான். பணத்துக்கும் உழைப்புக்கும் தனித்தனியே கூலி கிடைத்திருக்கிறது, அவ்வளவே. வட்டி, சம்பளம் எவ்வளவு என்பது உங்கள் பேச்சைப் பொறுத்தது.

இலாபம் குறைந்த ஆண்டையும் இப்போதே கணக்குப் போடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இலாபம் 1,28,000 மட்டுமே வந்தால், சம்பளத்துக்கும் வட்டிக்கும் தேவையான 2,28,000-இல் ஒரு லட்சம் குறைகிறது. அந்தக் குறையைப் பாதிப் பாதியாகச் சுமத்தினால் ஒன்றாமவரின் 36,000 வட்டி போய், மேலும் 14,000 அவர் போட்ட முதலிலிருந்து கழியும். தொழிலில் இலாபம் வந்திருக்கிறது, அவருக்கோ நட்டம்! இதைத் தவிர்க்க ஒரு வரி போதும்: "இலாபத்திலிருந்து முதலில் சம்பளமும் பிறகு வட்டியும் தரப்படும். இலாபம் தீர்ந்த இடத்தில் அவை நிற்கும்." அப்போது 1,28,000-உம் சம்பளத்துக்கே போகும். ஒன்றாமவருக்கு அந்த ஆண்டு வரவும் இல்லை, இழப்பும் இல்லை.

இரண்டாமவர் மாதாமாதம் எடுத்துவந்த 15,000-க்கு என்ன பெயர்? "ஆண்டு முடிவில் நேர்செய்யப்படும் முன்பணம்" என்று எழுதுங்கள். அப்படியானால் மிகையாக எடுத்த 52,000 அவருடைய முதல் கணக்கில், அதாவது அவர் போட்ட முதலையும் எடுக்காமல் விட்ட இலாபத்தையும் காட்டும் கணக்கில், கழியும். இது அவருக்குக் கடினமாகத் தோன்றினால், குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகையை உறுதிப்படுத்தி எழுதிக்கொள்ளலாம். எதுவானாலும் இருவரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

படி 4: யார் எதை முடிவு செய்வது

இருவர் மட்டுமே இருக்கும் கூட்டில் வாக்கெடுப்பு உதவாது. கொள்முதல், விற்பனை ஒருவரிடம், கணக்கும் வங்கியும் மற்றவரிடம் என்று துறை பிரியுங்கள். கடன் வாங்குதல், ஆள் சேர்த்தல், 25,000-க்கு மேற்பட்ட செலவு ஆகியவற்றுக்கு மட்டும் இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று வையுங்கள். வரம்பை மிகவும் தாழ்த்தினால் தினமும் கையெழுத்துக்கு அலைய நேரிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரம்பு உங்கள் இருவருக்குள் மட்டுமே செல்லும். சாதாரணக் கூட்டுத் தொழிலில், தொழிலின் பெயரில் ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகலாம். ஒப்பந்தத்தைப் பார்த்திராத, கடன் கொடுத்தவரிடம் இந்தக் கடிதத்தை நீட்டித் தப்பிக்க முடியாது.

படி 5: பிரியும் வழி

இதை எழுதும்போது இருவருக்கும் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் இன்றைக்கு எழுதுவதுதான் எளிது, யார் விலகப் போகிறார் என்று இருவருக்குமே தெரியாது அல்லவா? விலகுபவர் 3 மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் விலகும் மாத இறுதியில் கணக்கை முடித்து அவருடைய முதல் கணக்கில் நிற்கும் தொகையைத் தர வேண்டும். சரக்கிருப்பை வாங்கிய விலையிலோ சந்தை விலையிலோ, எது குறைவோ அதில் மதிப்பிடுவது வழக்கம். வராத பாக்கியை முழுதாகச் சேர்க்கலாமா என்பதையும் முடிவு செய்யுங்கள்.

பணத்தை ஒரே தடவையில் கேட்டால் தொழில் படுத்துவிடும். விலகும் நாளில் இரண்டாமவரின் கணக்கில் 2,40,000 நின்றால், மாதம் 30,000 வீதம் 8 தவணை என்று எழுதலாம். தொழிலின் பெயர், தொலைபேசி எண், இணையக் கணக்குகள் யாரிடம் இருக்கும் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒருவர் இறந்துவிட்டால் இதே முறையில் அவருடைய வாரிசுக்குத் தொகை சேரும் என்றும் சேர்த்துவிடுங்கள்.

படி 6: கையெழுத்து

இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். தொகைகளை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். சாட்சிகளாக இருவர் கையெழுத்திடட்டும், இலாபத்தில் பங்கில்லாதவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள், பதிவு பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், கையெழுத்துக்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை மாற்ற நேர்ந்தால் பழைய தாளில் அடித்துத் திருத்தாதீர்கள். "இன்ன தேதி முதல் சம்பளம் 18,000" என்று தனித்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு பிரதிகளோடும் இணைத்து வையுங்கள்.