உச்சியில் முடி குறைந்த படத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு ஒரு மாப்பிள்ளை தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். தாலி கட்டக் குனிந்த நேரத்தில் பிளாஷ் நேராக உச்சியில் விழுந்து, அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "அண்ணே, இதை மட்டும் கொஞ்சம் மறைச்சு விடுங்க" என்றார்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில் உடனே கறுப்புப் பிரஷை எடுத்துப் பூசுவார்கள். அப்படிச் செய்தால் தலையில் மை அப்பியது போல ஆகிவிடும். வெளிச்சம் பட்ட முடி படத்தில் முழுக் கறுப்பாக இருப்பதே இல்லை, கரும்பழுப்பாகத்தான் இருக்கும். உச்சி கண்ணில் படுவதற்குக் காரணம், முடிகளுக்கு இடையே தெரியும் தோல் வெளுப்பாக இருப்பது. அதனால் முடி வரைவதற்கு முன்னால் அந்தத் தோலின் வெளுப்பைக் குறைக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் புதிய லேயர் ஒன்றைத் திறந்து, கீழே உள்ளதைக் கருமையாக்கும் Multiply-இல் வைத்தேன். பக்கத்து முடியின் நிழலிலிருந்தே நிறத்தை எடுத்து, ஓரம் மென்மையான பிரஷில் Opacity 10 வைத்து, நாலைந்து தடவை மெதுவாகத் தடவினேன். பாதி வேலை அதிலேயே முடிந்தது. தோல் கொஞ்சம் தெரியட்டும் என்று அங்கேயே நிறுத்தினேன். முழுவதும் அடைத்தால் அவரைத் தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதன் பிறகு, வேறொரு லேயரில், இரண்டு மூன்று பிக்சல் தடிப்பில் சில முடிகள் வரைந்தேன். இங்கே பலர் எல்லாக் கோட்டையும் ஒரே பக்கமாக இழுத்துவிடுகிறார்கள். உச்சியில் சுழி இருக்கிறது. முடி அதைச் சுற்றித்தான் படியும். முதலில் சுழியைத் தேடிப் பிடியுங்கள். கோட்டின் நுனி மெலிந்து முடிய வேண்டும், ஒரு கோடு இன்னொன்றின் மேல் விழ வேண்டும். மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாக நொய்ஸ் இருக்கும். வரைந்த முடி மட்டும் வழவழவென்று நின்றால் பொய் தெரிந்துவிடும் என்பதால் அந்த லேயர்களிலும் கொஞ்சம் Add Noise கொடுத்தேன்.

அவருடைய தாடியில் வலது கன்னத்தில் ஓர் இடைவெளியும் இருந்தது. இடது கன்னத்தை அப்படியே புரட்டி ஒட்டலாம் என்று தோன்றும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்போது ஒட்டிய துண்டின் நிழல் எதிர்ப்பக்கமாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கழுத்து முடியை எடுத்து வைப்பதும் சரிவராது. கன்னத்தில் முடி கீழ்நோக்கி இறங்கும், கழுத்தில் பலருக்கு மேல்நோக்கி வளரும். அதே கன்னத்தில் இடைவெளிக்குப் பக்கத்திலிருந்தே Clone Stamp-ஆல் சின்னச் சின்னதாக, ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து எடுத்தேன். தாடி ஓரத்தில் Healing Brush வேண்டாம். அது பக்கத்து நிறத்தை இழுத்துக் கலந்து, ஓரத்தை அழுக்காக்கிவிடும்.

சவரம் செய்த இடத்தில் தெரியும் நீலச் சாயலுக்கு மங்கலாக்கும் கருவி தேவையில்லை. Color லேயரில் கன்னத் தோலின் நிறத்தை எடுத்து Opacity 20-இல் தடவினால் சாயல் போய்விடும், தோலின் துவாரங்களும் முடித்தடமும் அப்படியே இருக்கும்.

300 சதவீதத்தில் பெரிதாக்கி வேலை செய்தாலும், முடிவை 100-இல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் படத்தை நான் முதலில் சின்னத் துண்டாகப் பிரின்ட் போட்டுப் பார்த்தேன். திரையில் சரியாகத் தெரிந்த உச்சி காகிதத்தில் கறுத்து வந்தது. Multiply லேயரை மூன்றில் ஒரு பங்கு குறைத்த பிறகுதான் பெரிய படத்தைப் போட்டேன்.